விடுதி அறை மாற்றம்: மோட்டார் சத்தம் பற்றி வார்டனுக்கு எப்படி எழுதுவது?

கேட்டவர் (இரண்டாமாண்டு, சிவில்)
விடுதியில் தரைத்தளம், 9ஆம் எண் அறை. சுவருக்கு அந்தப் பக்கம் மோட்டார் ரூம். மேலே தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றக் காலை 4:30க்குப் போட்டால் 6 மணி வரை ஓடும். ராத்திரி 11க்கு மறுபடியும் முக்கால் மணி நேரம். ஆகஸ்ட் 18ஆம் தேதி புது மோட்டார் வைத்தார்கள், அன்றிலிருந்து கட்டிலே அதிருகிறது. வார்டன் சாரிடம் ஆகஸ்ட் 25, 29 என இரண்டு தடவை நேரில் சொன்னேன். "எல்லா ரூம்லயும் சத்தம்தான்பா, பார்க்கலாம்" என்றார். இப்போது கடிதம் எழுதியிருக்கிறேன்: "தொடர்ந்து சத்தமாக இருப்பதால் தூங்கவோ படிக்கவோ முடியவில்லை, வேறு அறை தருமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்." இது போதுமா? இரண்டாம் தளத்தில் 31ஆம் எண் அறையில் ஒரு கட்டில் காலியாக இருக்கிறது, அங்கிருப்பவர்களுக்கும் சம்மதம்தான். நவம்பரில் செமஸ்டர் வருகிறது.

மூன்றாமாண்டு, இ.இ.இ.
போனில் டெசிபல் ஆப் போட்டு அளந்து ஸ்கிரீன்ஷாட்டை இணைத்துவிடுங்கள். குடியிருப்புப் பகுதியில் ராத்திரி 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் வரம்பு. சட்டத்தையே காட்டினால் மறுநாளே அறை கிடைக்கும்.

முன்னாள் துணை வார்டன்
தம்பி சொன்ன எண் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் இருப்பதுதான். ஆனால் அது ஒரு பகுதியின் சுற்றுப்புறச் சத்தத்துக்கான வரம்பு, ஒரு அறைக்குள் கேட்கும் சத்தத்துக்கு அல்ல. போன் ஆப்பின் அளவையும் யாரும் ஆதாரமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கடிதத்தில் சட்டம் பேசினால் வார்டன் அதை முதல்வர் அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்வார். அதே ஆப்பை 4:45க்கு உங்கள் அறையிலும் நாலு அறை தள்ளியும் வைத்துப் பாருங்கள். "எல்லா ரூம்லயும் சத்தம்தான்" என்ற பதிலுக்கு அந்த வித்தியாசம் உதவும்.

ஒரு செமஸ்டரில் என் மேஜைக்கு வந்த அறை மாற்றக் கடிதங்களில் பாதிக்கு மேல் "சத்தம், படிக்க முடியவில்லை" என்றுதான் இருக்கும். அதில் பலருக்கு உண்மையில் நண்பனோடு தங்க ஆசை. உங்கள் கடிதமும் அந்தக் கடிதக் கட்டுக்குள்தான் போய் விழும். தேதியும் நேரமும் இருந்தால்தான் எடுத்துப் படிப்பார்கள். ஒரு வாரம் நோட்டில் குறித்துவிட்டு இப்படி எழுதுங்கள், மோட்டார் ஓடிய தேதி, நேரம் போன்ற விவரங்களை உங்கள் குறிப்புப்படி மாற்றிக்கொள்ளுங்கள்:

"ஐயா, ஆகஸ்ட் 18 அன்று புதிய மோட்டார் பொருத்தப்பட்டது முதல் 9ஆம் எண் அறையின் வடக்குச் சுவரும் கட்டிலும் அதிர்கின்றன. செப்டம்பர் 2: காலை 4:30 முதல் 6:05 வரை. செப்டம்பர் 3: இரவு 11:00 முதல் 11:50 வரை. செப்டம்பர் 4: காலை 4:25 முதல் 6:00 வரை, அன்று 9 மணிக்கு எனக்கு உள்தேர்வு. ஆகஸ்ட் 25, 29 தேதிகளில் தங்களிடம் நேரில் தெரிவித்தேன். தாங்கள் ஒருநாள் காலை 4:45க்கு அறையைப் பார்வையிட வேண்டுகிறேன். இரண்டாம் தளத்தில் 31ஆம் எண் அறையில் ஒரு கட்டில் காலியாக உள்ளது, அங்கிருப்போருக்கும் சம்மதம். அதை ஒதுக்க இயலாவிட்டால் மோட்டார் நேரத்தையாவது மாற்றித் தர வேண்டுகிறேன்."

காலிக் கட்டிலை நீங்களே காட்டினால் அவர் வேலை பாதி குறையும். அந்த அறைப் பையன்களின் கையெழுத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கி வைத்திருங்கள்.

பெண்கள் விடுதி, முதலாமாண்டு
எனக்கும் இதே பிரச்சினைதான் அண்ணா. ரூம்மேட் ராத்திரி 1 மணி வரை ஸ்பீக்கரில் சீரியல் பார்க்கிறாள். நானும் இப்படித் தேதி போட்டு எழுதலாமா?

முன்னாள் துணை வார்டன்
உங்களுடையது வேறம்மா. ஆள் பெயரோடு தேதிப் பட்டியல் கொடுத்தால் அது ஒழுங்கு நடவடிக்கைப் புகாராகிவிடும், அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போன் போகும். முதலில் ஹெட்போன் போடச் சொல்லிப் பாருங்கள். கேட்கவில்லையென்றால் வார்டன் மேடத்திடம் தனியாக வாய்மொழியாகச் சொல்லுங்கள்.

பம்ப் மெக்கானிக்
தம்பி, மோட்டார் ஓடும்போது சுவரில் கை வைத்துப் பாருங்க. அப்புறம் அதே சுவர் வழியா மேலே போற டெலிவரி பைப்பைத் தொடுங்க. பைப்பில் அதிர்வு அதிகம்னா, சுவரோடு இறுக்கியிருக்கிற கிளாம்ப் வழியாத்தான் அறைக்கு ஏறுது. ரப்பர் வைத்து கிளாம்பை மாட்டினா நல்லாவே குறையும், பெரிய செலவு இல்லை. நிறுத்தும்போது 'டம்'முனு ஒரு அடி கேட்டா, அது தண்ணீர் திரும்பி வந்து வால்வு அடைபடுற சத்தம். அதுக்கு வேற வால்வு பார்க்கணும்.

கேட்டவர்
பைப்தான் அண்ணா, கை வைக்கவே கூசியது. நிறுத்தும்போது 'டம்' சத்தமும் உண்டு. ஆப்பில் என் அறை 61, நாலு அறை தள்ளி 44 காட்டியது. நேற்று கடிதம் கொடுத்து முத்திரை வாங்கிவிட்டேன். இன்று காலை 4:45க்கு வார்டன் சாரே வந்து கட்டிலில் உட்கார்ந்து பார்த்தார், உடனே பிளம்பருக்குச் சொல்லிவிட்டார். ஆனால் 31இல் உள்ள கட்டில் டிப்ளமோ முடித்து நேராக இரண்டாமாண்டு சேரும் பையன்களுக்காம், அவர்கள் சேர்க்கை முடிந்த பிறகுதான் சொல்ல முடியுமாம். என் ரூம்மேட் ஜன்னல் காற்றுக்காக இங்கேயே இருப்பேன் என்கிறான். அவன் கையெழுத்துப் போடாததால் என் கோரிக்கை பலவீனமாகுமா?

முன்னாள் துணை வார்டன்
ஆகாது. நீங்கள் ஒருவருக்கு மட்டும்தானே கேட்டிருக்கிறீர்கள். சேர்க்கை முடியும் தேதியை அலுவலகத்தில் கேட்டு, அதற்கு மறுநாளே முத்திரைப் பிரதியோடு போய் நில்லுங்கள். அதுவரை கட்டிலை எதிர்ச் சுவருக்கு நகர்த்திப் போடுங்கள், சுவரை ஒட்டாமல் ஒரு சாண் விட்டு.