ஜெர்மனில ரெக்ரூட்டர் "எப்ப சேர முடியும்"னு கேட்டா என்ன தேதி சொல்றது?

நெல்லைக்காரன்: மியூனிக் வந்து எட்டு மாசம் ஆச்சு, ப்ளூ கார்டுங்கிற வேலை பெர்மிட்ல இருக்கேன். இன்னைக்கு, மார்ச் 12, ஒரு ரெக்ரூட்டர் மெசேஜ் பண்ணிருக்காங்க, நோட்டீஸ் பீரியட் எவ்ளோ, இப்ப எங்க இருக்கீங்க, சீக்கிரம்னா எப்ப சேரலாம்னு. நான் லீவுல ஊருக்கு வந்திருக்கேன், ஏப்ரல் 2 தான் ரிட்டர்ன். காண்ட்ராக்ட்ல மூணு மாசம்னு போட்டிருக்கு, அப்போ ஜூன் 12னு சொல்லிரவா?

பெர்லின் தம்பி: ஜெர்மனில ரெண்டு வாரம் தான ப்ரோ, நான் அப்படித்தான் வந்தேன்.

கோவை அக்கா: தம்பி, அது ப்ரொபேஷன்ல இருக்கும்போது. இவருக்கு எட்டு மாசம், ப்ரொபேஷன் ஆறு மாசத்துக்கு மேல போகாது. நெல்லை, அந்த வரிய முழுசா படிங்க, மூணு மாசத்துக்கு அப்புறம் என்ன எழுதிருக்கு?

நெல்லைக்காரன்: "ட்சும் குவார்ட்டால்ஸெண்டே"னு இருக்குக்கா.

கோவை அக்கா: அதான் விஷயமே. குவார்ட்டர் முடிவுல தான் வெளிய வர முடியும். லெட்டர் மார்ச் 31க்குள்ள ஆபீஸ் கைக்கு போயிட்டா ஜூன் 30 கடைசி நாள், ஜூலை 1 சேரலாம். ஒரே ஒரு நாள் லேட்டாச்சுன்னா நேரா செப்டம்பர் 30, அப்புறம் அக்டோபர் 1 தான். ஜூன் 12ங்கிற தேதியே உங்க கணக்குல கிடையாது. இன்னொன்னு, ஈமெயில்ல ரிசைன் பண்ணா செல்லாது, பேனால கையெழுத்து போட்ட பேப்பரே போய் சேரணும், நீங்க திருநெல்வேலில உக்காந்திருக்கீங்க. புது காண்ட்ராக்ட் கையெழுத்தாகாம தயவுசெஞ்சு லெட்டர் குடுத்துராதீங்க.

சென்னை வாசி: எனக்கு பெங்களூர்ல 90 நாள் இருந்துச்சு, புது கம்பெனியே பைஅவுட் பண்ணிட்டாங்க. நீங்களும் கேளுங்களேன்.

கோவை அக்கா: இங்க அப்படி காசு கட்டிட்டு கிளம்புற வழக்கம் இல்லங்க. பழைய கம்பெனியும் ஒத்துக்கிட்டா ரெண்டு பேரும் எழுதி முன்னாடியே முடிச்சுக்கலாம், ஆனா அத நம்பி தேதி குடுக்கக் கூடாது. எனக்கே ஒரு தடவை மேனேஜர் வாயால சரின்னாரு, ஹெச்ஆர் முடியாதுன்னுட்டாங்க, புது இடத்துல ரெண்டு தடவை தேதிய மாத்திக் கேட்டு நான் பட்ட அவஸ்தை இருக்கே.

பெர்லின் தம்பி: ப்ளூ கார்டுன்னா வேலை மாத்த பெர்மிஷன் வாங்கணும்ல?

கோவை அக்கா: 2023 நவம்பர்ல இருந்து பெர்மிஷன்னு இல்ல. முதல் 12 மாசத்துக்குள்ள மாத்தினா ஃபாரினர்ஸ் ஆபீஸுக்கு சொல்லணும், அவங்க 30 நாள் நிறுத்தி வச்சு பாக்கலாம், கண்டிஷன் சரியா இல்லன்னா மறுக்கவும் செய்யலாம். அதனால லொகேஷன் கேட்டா "மியூனிக்ல வசிக்கிறேன், ப்ளூ கார்டு, ஏப்ரல் 2 வரைக்கும் இந்தியாவுல லீவு"ன்னு போடுங்க. வெறுமனே இந்தியான்னு போட்டா விசா எடுக்கணும் போலன்னு நினைச்சு ஒதுக்கிருவாங்க.

நெல்லைக்காரன்: அப்போ தேதி? ரெண்டரை வாரத்துல இன்டர்வியூ முடிஞ்சு காண்ட்ராக்ட் வருமான்னு தெரியல.

கோவை அக்கா: "என் ரிசைன் லெட்டர் மார்ச் 31க்குள்ள ஆபீஸ் போய் சேர்ற மாதிரி காண்ட்ராக்ட் கையெழுத்தானா ஜூலை 1, இல்லன்னா அக்டோபர் 1"னு ரெண்டையும் எழுதுங்க.

சென்னை வாசி: அக்டோபர்னு பாத்தாலே ரெக்ரூட்டர் ஓடிருவாங்க அக்கா, முதல்ல ஜூலை மட்டும் சொல்லட்டும்.

கோவை அக்கா: எனக்கு அதுல உடன்பாடு இல்ல. ஆஃபர் வந்தப்புறம் மூணு மாசம் தள்ளிப் போட்டா அந்த ஆஃபரே போயிரும்.

நெல்லைக்காரன்: ரெண்டு தேதியும் போட்டு அனுப்பிட்டேன் அக்கா. பதில் வந்தா வந்து சொல்றேன்.