டியூஷன் விசிட்டிங் கார்டு: போன்ல நீலம், பேப்பர்ல ஊதா. என்ன கலர் வைக்கலாம்?

பாளை மேத்ஸ் டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டைல வீட்லயே 6 முதல் 10 வரைக்கும் கணக்கு டியூஷன் எடுக்கேன். ஸ்கூல் திறக்கிறதுக்கு முன்னாடி விசிட்டிங் கார்டும், பேப்பருக்குள்ள வச்சு போட நோட்டீஸும் அடிக்கணும். கேன்வால நானே டிசைன் பண்ணேன், பின்னாடி முழுசும் பளிச்சுனு நீலம் (#0000FF), பேரு மஞ்சள், போன் நம்பர் மட்டும் தனியா தெரியணும்னு சிவப்பு. போன்ல அம்சமா இருந்துச்சு. பிரஸ்ல ஒரே ஒரு சாம்பிள் எடுத்து குடுத்தாங்க, நீலம் ஊதாவா வந்திருக்கு, நம்பர் கண்ணுக்கு நிக்கவே மாட்டேங்குது, மாமியார் கண்ணாடி போட்டும் 3-ஆ 8-ஆனு கேக்காங்க. இது பிரஸ்ல தப்பா இல்ல கலரே தப்பா? பெத்தவங்க பாத்தா நம்பிக்கையா இருக்கணும், படிக்கவும் முடியணும். என்ன கலர் போடலாம்?

கலர்_காதலன்:
நீலம்னா நம்பிக்கை மேடம், அதான் பேங்க், ஆஸ்பத்திரி எல்லாம் நீலம் வைக்காங்க. நீங்க நீலத்த மாத்தாதீங்க, மஞ்சளத்தான் தூக்கணும். படிப்பு விஷயத்துக்கு மஞ்சள் போட்டா மளிகைக்கடை மாதிரி ஆயிடும். நீலம் வெள்ளை ரெண்டு மட்டும் போதும்.

பிரஸ் அண்ணாச்சி:
டீச்சர், பிரஸ் மேல தப்பு இல்ல. போன் ஸ்கிரீன் வெளிச்சத்துல கலர் காட்டும், நாங்க மையில காட்டுறோம். நீங்க வச்ச அந்த நீலம் மையில கிடையவே கிடையாது. மெஷின் அதுக்கு கிட்டத்துல கொண்டு வர சியான்ங்கிற வெளிர் நீல மையை முழுசும் போட்டு மெஜந்தாங்கிற ரோஸ் மையையும் அதுக்கு சரிசமமா அள்ளிப் போடும், ரெண்டும் சமமா சேந்தா ஊதாதான். நீலம் நீலமாவே வரணும்னா மெஜந்தா சியானைவிட குறைஞ்சது 30 கம்மியா இருக்கணும். கரு நீலத்துக்கு நான் C100 M70 Y0 K40 போடுவேன், அதாவது சியான் 100, மெஜந்தா 70, மஞ்சள் 0, கருப்பு 40 சதவீதம்.

இன்னொண்ணு, மல்டிகலர் கார்டு சல்லிசா கிடைக்குதுனா பல பேர் கார்டை ஒரே ஷீட்ல சேத்து அடிப்பாங்க. பக்கத்துல யாரோ ஒரு ஜவுளிக்கடை கார்டுக்கு மெஜந்தா கொஞ்சம் தூக்கி ஓட்டினா உங்க கார்டுலயும் தூக்கும், உங்களுக்காக மட்டும் யாரும் மெஷினை நிறுத்தி சரி பண்ண மாட்டாங்க. அதனால கொஞ்சம் கூடக்குறைய வந்தாலும் வேற கலரா மாறாத கலராப் பாத்து எடுக்கணும். கரு நீலம் தாங்கும், ஊதாவுக்கு பக்கத்துல இருக்க நீலம் தாங்காது.

நம்பர் ஏன் நிக்கலனு தெரியணும்னா அந்த சாம்பிள எடுத்துட்டுப் போய் கருப்பு வெள்ளை ஜெராக்ஸ் போட்டுப் பாருங்க.

நாட்டியப்பள்ளி அக்கா:
நான் பரதநாட்டியம் சொல்லிக்குடுக்கேன் மா, எனக்கு மெரூன்ல கோல்டு ஃபாயில் போட்டு அடிச்சேன், கையில வாங்குறவங்க எல்லாம் ஆகா ஓகோனு சொன்னாங்க. ஆனா ஒரு அம்மா கார்டை போட்டோ எடுத்து ஃபேமிலி குரூப்ல போட்டாங்க, அதுல ஃபாயில் எழுத்து பாதி வெள்ளையா மின்னுது பாதி கருப்பா இருக்கு, நம்பரே தெரியல. இப்ப எல்லாரும் போட்டோ எடுத்துதானே அனுப்புறாங்க. உங்களுக்கும் கோல்டு வேணும்னா பேருக்கு மட்டும் வைங்க, நம்பருக்கு வேண்டாம்.

பாளை மேத்ஸ் டீச்சர்:
அக்கா எனக்கு கோல்டு எல்லாம் வேண்டாம் 🙂 அண்ணாச்சி, ஜெராக்ஸ் போட்டுப் பாத்தேன், சிவப்பு நம்பர் நீலத்தோட கரைஞ்சு போச்சு, தடவிப் பாத்தாதான் எழுத்து இருக்குனு தெரியும் போல. மஞ்சள் பேரு மட்டும் நல்லா தெரியுது. அப்ப தூக்க வேண்டியது மஞ்சள் இல்ல, சிவப்புதான?

பிரஸ் அண்ணாச்சி:
ஆமா, சரியாப் புடிச்சிட்டீங்க. தம்பி சொன்ன மாதிரி நீலம் நல்ல கலர்தான், அதுல தப்பில்ல, ஆனா படிக்க வைக்கிறது கலர் பேரு இல்ல, ஒண்ணு வெளுப்பாவும் ஒண்ணு அடர்த்தியாவும் இருக்கணும். சிவப்பும் நீலமும் கண்ணுக்கு ரெண்டு கலர், வெளிச்சத்துல ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே அடர்த்தி. அதே மஞ்சளை வெள்ளை பேப்பர்ல எழுத்தா வச்சா காணாமப் போயிடும், கரு நீலத்துக்குப் பக்கத்துல வச்சா தூக்கி நிக்கும்.

உங்க கார்டை நானா இருந்தா இப்படி மாத்துவேன். பின்னாடி வெள்ளை, இல்லனா லேசான சந்தன கலர். உங்க பேரு பெருசா கரு நீலத்துல. மாம்பழ மஞ்சள்ல ஒரு பட்டை போட்டு அதுக்கு மேல "6 முதல் 10 வரை கணிதம்"னு கரு நீலத்துல. நம்பர் 12 பாயிண்ட் போல்டு, முகவரி 8 பாயிண்டுக்கு கீழ போகவே கூடாது, இந்த ரெண்டும் சுத்தக் கருப்பு, K100 மட்டும். ஏன்னா கரு நீலம் மூணு மை சேந்தது, பிளேட் ஒரு மயிரிழை நகந்தாலும் சின்ன எழுத்தோட ஓரத்துல நிழல் அடிக்கும். கருப்பு ஒரே மை, நகர வேற ஒண்ணும் இல்ல.

முழு நீலத்துல வெள்ளை எழுத்து போடுற ஆசை இருந்தா பேருக்கு மட்டும் வைங்க. சின்ன தமிழ் எழுத்துல ண, ழ, ஞ இதோட சுழி உள்ள மை ஏறி அடைச்சிரும், இங்கிலீஷுக்கு இந்த தொல்லை அவ்வளவு இல்ல.

கலர்_காதலன்:
அண்ணே அந்த அடர்த்தி விஷயம் நான் யோசிக்கல. ஆனா கருப்பு பார்டர் மட்டும் வேண்டாம் மேடம், நோட்டீஸ் தெருவுல கிடந்தா கண்ணீர் அஞ்சலினு நினைச்சிருவாங்க. கருப்பு சிவப்பு சேத்தாலும் கட்சி நோட்டீஸ்னு மடிச்சு வச்சிருவாங்க.

பாளை மேத்ஸ் டீச்சர்:
அது உண்மைதான் தம்பி, நல்ல வேளை சொன்னீங்க. அப்ப நோட்டீஸுக்கும் இதே கலர் போதுமா? ஆனா நோட்டீஸ் நிறைய வேணும், மல்டிகலர்னா கட்டுப்படியாகாது, கலர் பேப்பர்ல ஒரே மையில அடிச்சா ரொம்ப கம்மினு சொல்றாங்க. ரோஸ் பேப்பர், பச்சை, மஞ்சள் மூணும் இருக்காம்.

பிரஸ் அண்ணாச்சி:
ஆஃப்செட் மை கண்ணாடி மாதிரி, அடியில இருக்க பேப்பர் கலர் மேல வந்துரும். ரோஸ் பேப்பர்ல சிவப்பு மை அடிச்சா ரெண்டும் ஒண்ணாப் போயிடும், பச்சை பேப்பர்ல சிவப்பு அடிச்சா அழுக்கு பிரவுன் ஆகும். வெளிர் மஞ்சள் பேப்பர்ல கரு நீல மை கொஞ்சம் பச்சை ஓடும், ஆனா அடர்த்தியா இருக்கும், நல்லா படிக்கலாம். உங்க கார்டுலயும் மஞ்சளும் கரு நீலமும்தான, ரெண்டையும் பாத்தவுக ஒரே டீச்சர்னு புரிஞ்சுக்குவாங்க. எந்த பேப்பர்னாலும் கருப்பு மை பயமில்ல.

டியூஷன்_சாத்தூர்:
நானும் டியூஷன்தான். அண்ணாச்சி சொல்றதுல எனக்கு ஒரு மாறுபாடு இருக்கு, கலர் பேப்பர் நோட்டீஸ்னாலே எங்க ஊர்ல கடன் குடுக்கிறவங்க, வீட்டு வேலைக்கு ஆள் தேடுறவங்க போடுறது, அதனால நான் வெள்ளை பேப்பர்ல கரு நீல மை மட்டும் அடிச்சேன், நிறைய இடம் சும்மா விட்டேன். விசாரிக்க வந்தவங்க நோட்டீஸை கையில வச்சுட்டே வந்தாங்க.

பிரஸ் அண்ணாச்சி:
அது ஊருக்கு ஊர் மாறும் தம்பி, ஒத்துக்கிறேன். டீச்சர், ரெண்டு வகையிலயும் நாலஞ்சு அடிச்சு வாங்கி, சாயங்காலம் டியூப் லைட் வெளிச்சத்துல கை நீட்டிப் புடிச்சு மாமியாரை நம்பர் வாசிக்கச் சொல்லுங்க, தயங்காம வாசிச்சதை எடுத்துக்கோங்க. அப்புறம் கார்டுக்கு பளபளப்பான கிளாஸி லேமினேஷன் வேண்டாம்னு சொல்லிடுங்க, பேட்ச் நேரம் பேனால எழுதிக் குடுக்க முடியாது.

பாளை மேத்ஸ் டீச்சர்:
சரி அண்ணாச்சி, ரெண்டு வகையும் கேட்டு வாங்குறேன். கேன்வால இலவசமா எடுக்கிற PDF-ல இந்த C100 M70 எல்லாம் போட இடமே இல்லையே, பிரஸ்ல குடுத்தா அவங்களே மாத்திக்குவாங்களா?

பிரஸ் அண்ணாச்சி:
சில பிரஸ்ல மாத்துவாங்க, சில பிரஸ்ல அப்படியே ஓட்டிருவாங்க. அந்த நாலு நம்பரையும் ஒரு தாள்ல எழுதி டிசைனர் கையில குடுத்து, பேருக்கு இந்த கலர், சின்ன எழுத்து K100 மட்டும்னு சொல்லுங்க. முகத்தை சுளிச்சாருன்னா வேற பிரஸ் பாருங்க.