புதுப்பிப்பு: பரீட்சை சீட்டிங் போட்டோவிலிருந்து ரூம் வாரியா நம்பர் லிஸ்ட்

முன்பு கேட்டது: "தண்டையார்பேட்டை சென்டர் சீட்டிங் பிளான் போட்டோ இருக்கு. ஒவ்வொரு ரூமுக்கும் எந்த நம்பர்லேர்ந்து எது வரைன்னு எப்படி எடுக்கிறது?"

மேல் இடது முதல் நம்பர், கீழ் வலது கடைசி என்றார் வியாசர்பாடி தம்பி. பாதிதான் சரி. வரிசை பாம்பு மாதிரி இறங்கி ஏறுவதால், நாலு வரிசை ரூமில் கடைசி நம்பர் மேல் வலதில் இருக்கும். ரூம் 7-இல் கீழ் வலது 412136, மேல் வலது 412140. தம்பி வழியில் நாலு பேர் விடுபடுவார்கள்.

பெரம்பூர் அக்கா சொன்ன சோதனை இது. ஷீட்டில் ரூமுக்கு ஒரு வரி, B-யில் முதல் நம்பர், C-யில் கடைசி:

```
=C2-B2+1
```

விடை, போட்டோவில் எண்ணிய பெஞ்சுகளோடு ஒத்துப்போகணும். ரூம் 8: 412141–412162, விடை 22, உட்காருவது 20. உள்ளே பார்த்தால் 412149, 412150 இல்லை. அதனால் 412141–412148, 412151–412162 என்று இரண்டாகப் பிரித்தேன். முதலையும் கடைசியையும் மட்டும் பார்த்தால் இது தெரியாது. மங்கிய போட்டோவில் 1, 7 குழப்பத்தையும் இதே கணக்கு காட்டிக்கொடுக்கும்.

ராயபுரம் அண்ணன் கேட்டது கல்லூரி ஹால். அங்கே இரண்டு பாடம் மாறி மாறி உட்காரும், ரூமுக்கு இரண்டு வரம்பு வேணும்.

ரூம் 8-இல் இல்லாத 412149, 412150 எந்த ரூமில் என்று இன்னும் கிடைக்கலை.