பெரிய வீட்டுக் குழு

செந்தில்: ஆபீஸில் தண்டனை ஆர்டர் இன்று கையில் கொடுத்துவிட்டார்கள். சம்பளத்தில் இரண்டு நிலை கீழே, இரண்டு வருடத்துக்கு. 📷📷📷 பெரியப்பா, கொஞ்சம் பாருங்கள்.

சாந்தி அத்தை: ஐயோ. காதுகுத்து நேரத்திலா

கார்த்தி: அண்ணா, நேராக ஹைகோர்ட்டில் ரிட் போடலாம். இயற்கை நீதி மீறல்.

பெரியப்பா: நீதி மீறல் சரி, இடம் தப்பு. மத்திய அரசு ஊழியர் முதலில் துறைக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும், அப்புறம் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம், அதற்கும் பிறகுதான் ஹைகோர்ட். மேல்முறையீட்டுக்கு 6 மாதம் பதில் இல்லையென்றாலும் தீர்ப்பாயம் போகலாம். செந்தில், ஆகஸ்ட் 4-ல் வாங்கியிருக்கிறாய். 45 நாள், அதாவது செப்டம்பர் 18-க்குள் கொடுக்க வேண்டும்.

முருகேசன் சித்தப்பா: லேபர் கோர்ட் போ. நான் 8 வருடம் அலைந்து ஜெயித்தேன். அப்போது ஒரு வரி எழுதித் தர இங்கே ஆள் இல்லை.

பெரியப்பா: உன் மில் கேஸ் வேறு சட்டம் முருகேசா.

முருகேசன் சித்தப்பா: ம்

சாந்தி அத்தை: ஆரம்பிக்காதீர்கள் இரண்டு பேரும்

பெரியப்பா: விசாரணை அதிகாரி அறிக்கையில் இரண்டாவது குற்றச்சாட்டுக்கு என்ன எழுதினார்?

செந்தில்: வராத சரக்குக்குப் பில் பாஸ் செய்தேன் என்பது நிரூபணமாகவில்லை என்றார். சரக்கு கொடுத்தவரைச் சாட்சியாகக் கூப்பிடவே இல்லை. ஸ்டாக் ரெஜிஸ்டர் எழுதாதது மட்டும் நிரூபணம், அதை நானே ஒப்புக்கொண்டேன்.

பெரியப்பா: ஆர்டரில் என்ன இருக்கிறது? “விசாரணை அதிகாரியின் முடிவை ஏற்கவில்லை, இரண்டும் நிரூபணம்.” இந்த ஒரு வரிதான் உன் கேஸ். ஆர்டர் போட்டவர் மாறுபடலாம், அதில் தப்பில்லை. ஆனால் ஏன் மாறுபடுகிறார் என்ற காரணத்தை அறிக்கையோடு சேர்த்து உனக்கு அனுப்பி, பதில் சொல்ல 15 நாள் கொடுத்திருக்க வேண்டும். மத்திய அரசு ஊழியர் ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் 15-ம் விதியிலேயே இருக்கிறது. 1998-ல் குஞ்ச் பிகாரி மிஸ்ரா வழக்கில் சுப்ரீம் கோர்ட்டும் இதையே சொன்னது. அப்படி ஏதாவது வந்ததா?

செந்தில்: அறிக்கை மட்டும் வந்தது. இரண்டாவதில் நான் தப்பித்துவிட்டேன் என்று நினைத்து, முதலாவதுக்கு மட்டும் பதில் எழுதினேன்.

பெரியப்பா: அந்தப் பதிலின் நகலை முதல் இணைப்பாக வை. நடைமுறை மீறல் என்று சொன்னால் மட்டும் போதாது, அதனால் உனக்கு என்ன நஷ்டம் என்று கேட்பார்கள். வாயைத் திறக்கவே வாய்ப்பில்லாமல் போனதை அந்தக் கடிதமே காட்டும்.

அமுதா: பெரிய மாமா, இவர் மேல்முறையீட்டை இன்றே எழுதி வைத்திருக்கிறார். 9 பக்கம். மேலதிகாரியை மனசாட்சி இல்லாதவர் என்று எழுதியிருக்கிறார்.

கார்த்தி: 😂😂

பெரியப்பா: அதை எடு. மரியாதையில்லாத சொல் இருக்கக்கூடாது என்று விதியே உண்டு. பழிவாங்கினார் என்பதையும் ஆதாரம் இல்லாமல் எழுதாதே, நல்ல வாதமும் அதோடு கெட்டுப்போகும். முதலில் தேதிகள்: குற்றப்பத்திரிகை, விசாரணை, அறிக்கை கிடைத்த நாள், உன் பதில், ஆர்டர். அதற்குக் கீழே இதை ஆங்கிலத்தில் மாற்றிப் போடு:

“இரண்டாம் குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை என்பதே விசாரணை முடிவு. அதிலிருந்து மாறுபடும் காரணங்கள் எனக்குத் தரப்படாததால் பதிலளிக்க இயலவில்லை. 1-ம் இணைப்பிலுள்ள என் பதில் முதல் குற்றச்சாட்டைப் பற்றியது மட்டுமே. எனவே ஆணையை ரத்து செய்ய வேண்டுகிறேன்.”

அடுத்த பத்தியில், ரெஜிஸ்டர் எழுதாததற்கு மட்டும் இது மிக அதிகமான தண்டனை என்று தனியாகக் கேள். சாட்சியைக் கூப்பிடாததையும் இரண்டு வரியில் சேர்.

சாந்தி அத்தை: அண்ணா, சீர் தட்டு 11-ஆ 21-ஆ

பெரியப்பா: 11 போதும்

முருகேசன் சித்தப்பா: தாய்மாமன் செலவு, நீங்கள் எப்படி முடிவு செய்கிறீர்கள்?

செந்தில்: ஜெயித்தால் பழைய சம்பளம் வந்துவிடுமா பெரியப்பா?

பெரியப்பா: ஆர்டர் ரத்தானால் வரும். ஆனால் காரணம் கொடுத்து, உன் பதிலைக் கேட்டு, மறுபடி ஆர்டர் போடு என்று அதே மேஜைக்குத் திருப்பி அனுப்பலாம். மேல்முறையீட்டு அதிகாரி தண்டனையைக் கூட்டவும் முடியும், அதற்கு முன்னால் நோட்டீஸ் தர வேண்டும். உன் விஷயத்தில் நான் பயப்பட மாட்டேன்.

அமுதா: கூட்டவும் முடியுமா?? அப்படியென்றால் சும்மா இருந்துவிடலாமே

கார்த்தி: அண்ணி, கொடுக்காவிட்டால் தீர்ப்பாயமும் போக முடியாது

முருகேசன் சித்தப்பா: யூனியனில் தெரிந்த வக்கீல் இருக்கிறார். நான் பேசிப் பார்க்கிறேன்.

பெரியப்பா: பேசு. ஆனால் மனு செந்தில் பெயரில்தான் போக வேண்டும். ஆர்டர் போட்டவருக்கும் ஒரு நகல், தபால் பிரிவில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்.

செந்தில்: சரி. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அமுதாவும் யோசிக்கட்டும்.

சாந்தி அத்தை: ஞாயிறு ஜவுளி எடுக்கப் போகிறோமே, எல்லாரும் வருவதாகச் சொன்னீர்கள்