எக்ஸ்போர்ட் செய்தபின் உதட்டை முந்திய குரல்: உங்கள் அனுபவம் என்ன?

மலைமுகில் (ஹட்டன்)

எங்கள் தோட்டத்தில் காமன்கூத்து பாடும் பெரியவர் ஒருவரை 22 நிமிட நேர்காணலாகப் பதிவு செய்தேன். படத்தைக் கைத்தொலைபேசியிலும், குரலைச் சட்டையில் குத்தும் மைக்குடன் கூடிய தனி ரெக்கோடரிலும் எடுத்து, இரண்டையும் மடிக்கணினியில் பொருத்தி எக்ஸ்போர்ட் செய்தேன். வீட்டில் இரண்டு தடவை பார்த்தபோது எந்தக் குறையும் தெரியவில்லை. ஆனால் வாசிகசாலை மண்டபத்தில் பெரிய ஸ்பீக்கர் வைத்துப் போட்டுக் காட்டியபோது, முன்வரிசையில் இருந்த ஓர் அக்கா, "ஐயா பேசுவது டப்பிங் படம் மாதிரி இருக்கிறதே" என்று கேட்டுவிட்டார். உற்றுப் பார்த்தால், அவர் வாய் திறப்பதற்கு ஒரு கணம் முன்பே சொல் வந்துவிடுகிறது. மடிக்கணினியில் இடமில்லை என்று தொகுப்புக் கோப்புகளை அழித்துவிட்டேன். இப்போது கையில் இருப்பது எக்ஸ்போர்ட் செய்த வீடியோ மட்டுமே. இதைச் சந்தித்தவர்கள் எப்படிச் சரிசெய்தீர்கள் என்று எழுதுங்கள்.

பனிக்காலம் (பண்டாரவளை)

எனக்கும் இப்படி நடந்திருக்கிறது. உங்கள் ரெக்கோடர் ஒலியை நொடிக்கு 44,100 மாதிரிகளாகப் பதிந்திருக்கும், வீடியோவின் ஒலி 48,000 இல் இருக்கும். இரண்டையும் 48,000 ஆக்கி மறுபடி எக்ஸ்போர்ட் செய்தால் சரியாகிவிடும். நான் அன்றிலிருந்து ரெக்கோடரை 48,000 இல்தான் வைத்திருக்கிறேன். பிறகு பிரச்சினை வரவில்லை.

லயத்துவிளக்கு (தலவாக்கலை)

பனிக்காலம் சொல்வது நல்ல பழக்கம்தான், ஆனால் இந்த நோய்க்கு அது மருந்தல்ல. 44,100 இல் பதிந்த ஒலியை மாற்றாமல் 48,000 என்று எண்ணி ஓட்டினால், குரல் கீச்சென்று உயர்ந்து, 22 நிமிடப் பேச்சு ஏறக்குறைய இரண்டு நிமிடம் முன்னதாகவே முடிந்துவிடும். இந்தக் காலத்துத் தொகுப்பு மென்பொருள்கள் அந்த மாற்றத்தைத் தாமாகவே செய்துவிடுகின்றன. ஒரு கணம் மட்டும் பிசகுவதற்குக் காரணம் வேறு இடத்தில் இருக்கிறது.

பதினைந்து வருடமாகக் கலியாண வீடியோ தொகுத்து வருகிறேன். யாராவது இப்படிச் சொன்னால் முதலில் நான் கேட்பது ஒன்றுதான்: தொடக்கத்தில் எவ்வளவு பிசகு, முடிவில் எவ்வளவு பிசகு? இரண்டும் சமமாக இருந்தால் ஒலியை மொத்தமாக நகர்த்தினால் போதும். முடிவில் அதிகமாக இருந்தால் நகர்த்தவே கூடாது. ஒரு பக்கம் சரிசெய்தால் மறு பக்கம் கெடும். காதை நம்பாமல், படத்தை ஒவ்வொரு பிரேமாக நகர்த்தி அளந்து பாருங்கள். கைதட்டலோ மேளமோ இல்லையென்றால் "அம்மா", "அப்பா" போன்ற சொல்லைத் தேடுங்கள். "ப்பா" என்று உதடு பிரியும் பிரேமும், ஒலிக்கோட்டில் அந்த வெடிப்பு எழும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும். ககரமும் தகரமும் உதவாது, அவற்றில் உதடு எதையும் காட்டிக் கொடுப்பதில்லை.

மலைமுகில் (ஹட்டன்)

நல்லவேளையாக ஐயா தொடக்கத்தில் ஒரு முறையும் முடிவில் ஒரு முறையும் தப்பு மேளம் அடித்துக் காட்டியிருக்கிறார். குச்சி தோலைத் தொடும் பிரேமைக் கண்டுபிடித்தேன். அதற்கு 5 பிரேம் முன்பே ஒலிக்கோடு எழும்பி நிற்கிறது. வீடியோ நொடிக்கு 25 பிரேம் என்பதால் ஒரு பிரேம் 40 மில்லிநொடி. ஆகவே 200 மில்லிநொடி. 21 ஆவது நிமிடத்தில் அடித்த அடியிலும் அதே 5 பிரேம்தான். ஆனால் வீட்டில் ஏன் சரியாகத் தெரிந்தது என்பதுதான் விளங்கவில்லை.

லயத்துவிளக்கு (தலவாக்கலை)

தொகுக்கும்போது புளூடூத் ஹெட்செட் போட்டிருந்தீர்களா, தம்பி?

மலைமுகில் (ஹட்டன்)

ஆம் அண்ணா. பக்கத்து அறையில் பிள்ளை தூங்குவதால் இரவில் எப்போதும் அதைத்தான் போடுவேன்.

லயத்துவிளக்கு (தலவாக்கலை)

அப்படியென்றால் எக்ஸ்போர்ட்டின் மேல் பழி இல்லை. பல புளூடூத் ஹெட்செட்டுகளில் ஒலி 150 முதல் 250 மில்லிநொடி வரை தாமதித்தே காதுக்கு வருகிறது. உங்களுக்குக் குரல் பிந்திக் கேட்டது. அதனால் உதட்டோடு ஒட்டும் வரை ஒலியை முன்னே இழுத்துவிட்டீர்கள். அதே ஹெட்செட்டில் பார்த்தபோது இழுத்ததும் தாமதமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டன. மண்டபத்து ஸ்பீக்கரில் தாமதம் இல்லாததால் இழுத்தது மட்டும் மிஞ்சியது.

முந்துவது பிந்துவதைவிடக் கண்ணை அதிகம் உறுத்தும். தூரத்து ஒலி பிந்தி வருவது நமக்குப் பழக்கம், முந்தி வருவது இயற்கையில் இல்லை. சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரையிலும், ஒலி ஏறத்தாழ 45 மில்லிநொடி முந்தினாலே பார்ப்பவர் கவனிக்கத் தொடங்குவார் என்றும், பிந்தினால் 125 வரை தாங்கும் என்றும் இருக்கிறது. உங்களுடையது 200 முந்துகிறது. அந்த அக்கா கண்டுபிடித்ததில் வியப்பில்லை.

மூலக் கோப்பு இல்லாவிட்டாலும் கவலை வேண்டாம். ffmpeg என்ற மென்பொருளில் இந்தக் கட்டளையைப் போட்டால், படத்தைத் தொடாமல், ஒலியின் தலையில் 200 மில்லிநொடி மௌனத்தை மட்டும் சேர்த்துவிடலாம்:

```
ffmpeg -i koothu.mp4 -c:v copy -af "adelay=200:all=1" -c:a aac -b:a 192k koothu2.mp4
```

ஒலி மட்டும் மறுபடி சுருக்கப்படுவதால் மிகச் சிறிய தர இழப்பு உண்டு. பேச்சில் அது கேட்காது. ஒலி பிந்தியிருந்தால் இந்தக் கட்டளை உதவாது, அப்போது முன்பக்கத்தை வெட்ட வேண்டியிருக்கும். முடிந்ததும் வயர் உள்ள ஹெட்செட்டில் அதே தப்பு அடியை மறுபடி பாருங்கள்.

கொழுந்துக்கூடை (மஸ்கெலியா)

என்னுடையது வேறு விதம். பாட்டியை லயத்து அறையில், மாலை வெளிச்சத்தில், 40 நிமிடம் கைத்தொலைபேசியில் எடுத்தேன். எக்ஸ்போர்ட் செய்ததும் தொடக்கம் கச்சிதமாக இருந்தது, முடிவில் ஏறக்குறைய ஒரு நொடி பிசகியது. ஒலியைச் சற்றே இழுத்து நீட்டி இரு முனையையும் பொருத்தினேன். அப்போதும் நடுவில் பொருந்தவில்லை.

லயத்துவிளக்கு (தலவாக்கலை)

நடுவில் பொருந்தாததே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. வெளிச்சம் குறையும்போது பல கைத்தொலைபேசிகள் பிரேம் வேகத்தைத் தாமாகவே குறைத்துக்கொள்கின்றன. மேகம் வந்து மூடினால் வேகம் இறங்கும், விலகினால் ஏறும். சில மென்பொருள்கள் அதைச் சீரான வேகமென்று எண்ணி அடுக்குவதால், பிசகு ஒரே அளவில் வளராமல் ஏறி இறங்குகிறது. ஆகவே நீட்டிப் பயனில்லை. மூல வீடியோவை முதலில் சீரான வேகத்துக்கு மாற்றிவிட்டு, அந்தக் கோப்பை வைத்து மறுபடி தொகுக்க வேண்டும்:

```
ffmpeg -i patti.mp4 -vf fps=30 -c:v libx264 -crf 18 -c:a copy patti30.mp4
```

மூலம் இல்லாமல் எக்ஸ்போர்ட் மட்டுமே இருந்தால், ஒலியைத் துண்டு துண்டாக வெட்டி, மூச்சு விடும் இடங்களில் ஒட்டித்தான் சமாளிக்க முடியும். ஒரு முறை செய்தேன், இரண்டு இரவு போனது.

மாரியம்மன்தேர் (பதுளை)

நான் கேட்பது இதற்குள் அடங்குமா என்று தெரியவில்லை. தேரோட்டத்தை மேட்டிலிருந்து ஏறத்தாழ நூறு மீற்றர் தள்ளி எடுத்தேன். மேளக்காரரின் குச்சி விழுந்து ஏழெட்டு பிரேம் கழித்தே சத்தம் வருகிறது. பழுதான கேபிளா?

லயத்துவிளக்கு (தலவாக்கலை)

கேபிளில் பழுதில்லை. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீற்றர்தான் ஓடுகிறது; நூறு மீற்றருக்கு 0.3 நொடி. 25 பிரேம் வீடியோவில் அது ஏழரை பிரேம், உங்கள் கணக்கோடு பொருந்துகிறது. மேளத்துக்காக ஒலியை முன்னே இழுத்தால், கெமராவுக்கு அருகில் நின்று பேசியவர்களின் உதடு பிசகும். தூரக் காட்சிகளை மட்டும் நான் இழுப்பேன், ஆனால் அதை இயற்கைக்கு விரோதம் என்பவர்களும் இருக்கிறார்கள்.

மலைமுகில் (ஹட்டன்)

கட்டளையைப் போட்டேன், மண்டபத்து ஸ்பீக்கரில் இப்போது தப்பும் குச்சியும் ஒரே பிரேமில் விழுகின்றன. ஆனால் கொழும்பில் வேலை செய்யும் என் தங்கை, தன் புளூடூத் ஹெட்செட்டில் பார்த்துவிட்டு, "முன்பு நன்றாக இருந்தது, இப்போது குரல் பிந்துகிறது" என்று செய்தி அனுப்பியிருக்கிறாள். அவளுடைய கைத்தொலைபேசி அந்தத் தாமதத்தை ஈடுசெய்யாதது போலும்.