கொட்டேஷன் அனுப்பியாச்சு, பதிலே காணோம். நீங்கள் எப்படிக் கேட்டீர்கள்?

கண்ணாடித் தடுப்பு வேலை எடுப்பவர்:
ஒரு அலுவலகத்தில் அளவெடுத்து, மெயிலில் கொட்டேஷன் அனுப்பினேன். செல்லுபடி 15 நாள். பாதி நாள் போயும் சத்தமே இல்லை. "ஏதாவது முடிவாச்சா சார்?" என்று கேட்டால் "பார்த்துட்டுச் சொல்றோம்" என்பார்கள், பேச்சு அதோடு நின்றுவிடும். அதனால் அதே மெயிலுக்கு ரிப்ளையாக இப்படி எழுதினேன்:

"வணக்கம் சார். தடுப்பு வேலைக்கான கொட்டேஷன் கிடைத்ததா? முழுக்க 12 மி.மீ. டஃபன்ட் கண்ணாடிக்கு ரேட் போட்டிருக்கிறேன். கதவுக்கு மட்டும் 12 வைத்து, மற்ற இடத்தில் 10 மி.மீ. போட்டால் போதுமா? போதுமென்றால் மாற்றித் தருகிறேன். இந்த ரேட் 20-ஆம் தேதி வரை."

மறுநாளே பதில் வந்தது. கண்ணாடி, ஃபிட்டிங், கூலி மூன்றையும் தனித்தனியாகக் காட்டச் சொல்லி அக்கவுண்ட்ஸில் கேட்டிருக்கிறார்கள். அதை என்னிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கியே அவர் மெயிலைக் கிடப்பில் போட்டிருக்கிறார். பதில் சொல்லச் சுலபமான ஒரு கேள்வி இருந்ததும் மனம் திறந்துவிட்டார்.

பெயின்டிங் கான்ட்ராக்டர்:
நான் ரிமைண்டரிலேயே 5% குறைத்துப் போட்டுவிடுவேன். உடனே போன் வரும்.

பர்ச்சேஸில் இருப்பவர்:
போன் வரும், உண்மைதான். ஆனால் கேட்காமலே ரேட் குறைந்தால், இன்னும் இறங்குவார் என்றுதான் எங்களுக்குத் தோன்றும், காத்திருப்போம். பதில் வராததற்குப் பெரும்பாலும் ரேட் காரணமே இல்லை. வேறு இரண்டு பேரின் கொட்டேஷன் வந்து சேராமல் ஒப்பீடு போட முடியாது, மேலே கையெழுத்துக்கும் போகாது. "எப்போது ஒப்பீடு முடியும், யாரிடம் ஒப்புதலுக்குப் போகும்?" என்று தாராளமாகக் கேளுங்கள். ஒரு தேதி சொல்லிவிட்டால் அதற்கு முன் கூப்பிடாதீர்கள். என்னைத் தாண்டி மேலதிகாரிக்கு நேரே மெயில் போட்டவரிடம் மறுபடி பேசவே எனக்கு மனம் வரவில்லை.

எலக்ட்ரிகல் வேலை செய்பவர்:
எனக்கும் இதே கதைதான். வேலை முடித்து பில் கொடுத்தாச்சு, இழுத்தடிக்கிறார்கள்.

பர்ச்சேஸில் இருப்பவர்:
அது வேறுங்க. பில் பாக்கி உங்கள் உரிமை, அழுத்திக் கேட்கலாம். கொட்டேஷனில் அவர்களுக்கு எந்தக் கடமையும் இல்லை.

புதிதாகத் தொழில் தொடங்கியவர்:
வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுந்தும் பதில் இல்லையென்றால் போன் பண்ணலாமா?

பெயின்டிங் கான்ட்ராக்டர்:
பண்ணுங்க, தப்பே இல்லை.

பர்ச்சேஸில் இருப்பவர்:
எனக்கென்னவோ, முதலில் "எப்போது பேசலாம்?" என்று ஒரு வரி அனுப்பினால் நல்லது. மீட்டிங்கில் இருக்கும்போது வரும் போனை எடுக்கவே தோன்றாது.

கண்ணாடித் தடுப்பு வேலை எடுப்பவர்:
செல்லுபடி முடிந்தும் பதில் வராதவர்களுக்குக் கடைசியாக ஒரு மெயில் போடுவேன்: "ரேட்டின் காலம் முடிந்தது. பிறகு தேவைப்பட்டால் சொல்லுங்கள், புது ரேட்டோடு அளவும் மறுபடி எடுத்துத் தருகிறேன்." அளவைச் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. டஃபன்ட் கண்ணாடியைப் பிறகு வெட்ட முடியாது. இடையில் டைல்ஸ் மாற்றியிருந்தால் பழைய அளவு உதவாது. அதன்பின் நானாகக் கூப்பிடுவதில்லை. சிலர் மாதக்கணக்கில் கழித்து அதே மெயிலுக்குப் பதில் போட்டிருக்கிறார்கள், பலர் போடவே இல்லை.