வந்து இருக்கிறாரா, வந்திருக்கிறாரா? உகரத்தை விடும் இடம் எது

புதுக்கை: ஊர் நூலக மலருக்குக் கட்டுரை கொடுத்தேன். "வந்து இருக்கிறார்", "நூறு ஆண்டு", "பாட்டு ஒன்று" என்று நான் பிரித்து எழுதியதையெல்லாம் மெய்ப்புத் திருத்துபவர் சேர்த்துவிட்டார். உகரத்தில் முடியும் சொல்லை அடுத்து உயிர் வந்தால் சேர்த்துத்தான் எழுத வேண்டுமா?

மரபுவழி: வேண்டும், எல்லா இடத்திலும். "உயிர்வரின் உக்குறள் மெய்விட் டோடும்" என்கிறது நன்னூல். உகரம் போனபின் நிற்கும் மெய்யின்மேல் அடுத்த உயிர் ஏறியே தீரும். ஓலைச்சுவடியில் சொல்லுக்குச் சொல் இடைவெளியே விட்டதில்லை. வாய் சேர்த்துச் சொல்வதைக் கை ஏன் பிரிக்க வேண்டும்?

பள்ளிக்கூடத்தாள்: மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். "பாட்டொன்றெழுதினான்" என்று எழுதிப்போட்டால் பிள்ளைகள் நடுவில் நின்றுவிடுகிறார்கள். "பாட்டு ஒன்று எழுதினான்" என்றால் தடையில்லாமல் படிக்கிறார்கள். படிக்கத்தானே எழுதுகிறோம்? எல்லாவற்றையும் பிரித்தே எழுதலாம்.

பழைய மெய்ப்பர்: எல்லாவற்றையும் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன், அம்மா. "மாமா வந்திருக்கிறார்" என்றால் வருகை முடிந்தது என்று பொருள். அங்கே "இரு" துணைவினை. "வந்து இருக்கிறார்" என்று பிரித்தால் வந்து இங்கே தங்கியிருக்கிறார் என்றும் படிக்கலாம். "செய்துள்ளார்" என்பதும் அப்படித்தான். அதில் ஓர் உகரம் போய் இன்னோர் உகரம் அதே இடத்தில் அமர்கிறது. அதனால் சேர்ந்தது கண்ணுக்குத் தெரிவதில்லை, பலரும் "செய்து உள்ளார்" என்று உடைத்துவிடுகிறார்கள். துணைவினையைப் பிரிக்காதீர்கள். வேற்றுமை உருபையும் "உம்", "ஏ" போன்ற இடைச்சொற்களையும் பிரிக்கும் பேச்சே இல்லை.

"நூறு ஆண்டு" வேறு கதை. "நூறாண்டு" என்றால் நூறு வருடம். "நூற்றாண்டு" என்று றகரம் இரட்டித்தால் இருபதாம் நூற்றாண்டு என்கிறோமே, அது. திருத்தியவர் இரண்டில் எதைப் போட்டார் என்று பாருங்கள். "நூறு ஆண்டு வாழ்ந்தார்" என்று நீங்கள் எழுதியது "நூற்றாண்டு வாழ்ந்தார்" என்று மாறியிருந்தால் திருப்பிக் கேளுங்கள்.

தென்கரை: இவ்வளவு குழப்பம் எதற்கு? கு, சு, டு, து, பு, று என்று முடிந்தால் உகரம் ஓடும். வேறு எழுத்தில் முடிந்தால் ஓடாது, வகரம் வரும். அரசு, அரசும், தெரு, தெருவும். முடிந்தது.

பழைய மெய்ப்பர்: பாதி சரி. "பசு" சுவில் முடிகிறது. "பசும்" என்றா சொல்கிறீர்கள்? பசுவும், அதுவும், நடுவும் என்றுதான் வரும், ஏனென்றால் முன்னால் ஒரே ஒரு குறில் நிற்கிறது. மறுபக்கம் "ஏழு", "கதவு" இரண்டும் உங்கள் ஆறெழுத்தில் முடியவில்லை. ஆனாலும் ஏழாயிரம், கதவும் என்று உகரம் போகிறது. நன்னூலார் அதே நூற்பாவின் கடைசியில் "முற்றுமற் றொரோவழி" என்று அதற்கும் வழிவிட்டிருக்கிறார். "அது" இரண்டு பக்கமும் நிற்கும்: உம் சேர்ந்தால் அதுவும், ஐ சேர்ந்தால் அதை. ஐயம் வந்தால் அந்தச் சொல்லோடு "உம்" சேர்த்து வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் நாக்கே காட்டிக்கொடுக்கும்.

கொல்லிமலை: வீட்டு வாசலில் கல்வெட்டு வைக்கப் போகிறோம். அம்மாவின் பெயர் அன்பு. "அன்பில்லம்" என்று செதுக்கச் சொன்னேன். வரைந்து காட்டிய தாளைப் பார்த்த சித்தப்பா "அன்பில்லாத வீடா?" என்று கேட்டுவிட்டார். மாற்ற வேண்டுமா?

மரபுவழி: புணர்ச்சி சரி. மாற்ற வேண்டாம்.

பள்ளிக்கூடத்தாள்: கட்டாயம் மாற்றுங்கள். "அன்பில்" வரைக்கும் படித்த கண் அடுத்து "லாத" என்று எதிர்பார்க்கும். தெருவில் போகிறவர் நின்று சொல்லைப் பிரித்துப் பார்க்க மாட்டார். "அன்பு இல்லம்" என்று இடைவெளி விட்டால் ஐயமே வராது.

பழைய மெய்ப்பர்: இதில் நான் டீச்சர் பக்கம். இரண்டும் தனிப்பொருள் உள்ள முழுச்சொற்கள். பிரித்தால் பொருள் கெடாது, சேர்த்தால் கெடும்போல் இருக்கிறது. புதுக்கையின் "பாட்டு ஒன்று" என்பதையும் இப்படியே விடலாம். "பாட்டொன்று" என்றாலும் பிழையில்லை. அது எழுதுபவர் நடை. ஆனால் ஒரே பக்கத்தில் இரண்டு விதமாகவும் வரக் கூடாது.

மரபுவழி: நடை என்று விட்டுக்கொடுத்தால் நாளைக்கு "பத்து ஆயிரம்" என்றும் எழுதுவார்கள்.

பழைய மெய்ப்பர்: "பத்தாயிரம்" ஒரே எண்ணின் பெயர், அதை யாரும் பிரிக்கச் சொல்லவில்லை.

புதுக்கை: திருத்திய தாளை எடுத்துப் பார்த்தேன். "நூறாண்டு" என்றுதான் போட்டிருக்கிறார், நன்றி. இன்னொன்று: "இரண்டு ஊர் மக்களும்" என்பதை "இரண்டூர் மக்களும்" என்று ஆக்கியிருக்கிறார். விடவா?

பள்ளிக்கூடத்தாள்: பிரித்துவிடுங்கள்.

மரபுவழி: சேர்ப்பதென்றால் அதுவும் போதாது. "ஈரூர் மக்களும்" என்று எழுதுங்கள்.